பெட்டிக்குள்ளேயே வயதாகும் ஷூ

தள்ளுபடிக் கடைக்கு ஷூ வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். ஒரிஜினல்தானா? என் சைஸ் இருக்கிறதா? இதை எப்போது செய்தார்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்டாலும் கடைப் பையன் விழிப்பான். ஷூ என்ன, பால் பாக்கெட்டா, தேதி பார்த்து வாங்க?

தேதி பார்த்துத்தான் வாங்க வேண்டும். பாலைப் போல நாள் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில். அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த கறுப்பு ஃபார்மல் ஷூவை நாலைந்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கென்று எடுத்துப் போட்டுக்கொண்டு போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். மண்டபத்துக்குள் நடந்த வழியெல்லாம் கறுப்புத் துகள்கள் சிதறிக் கிடக்கும். குனிந்து பார்த்தால் ஷூவின் அடிப்பாகம் ரஸ்க் போல உதிர்ந்துகொண்டிருக்கும். மேலே தோல் புத்தம் புதிதாகப் பளபளக்கும். “டூப்ளிகேட்டை ஏமாற்றி விற்றுவிட்டான்” என்பதுதான் முதலில் வரும் வார்த்தை. பெரும்பாலும் அது உண்மையில்லை. விலையுயர்ந்த ஜெர்மன் மலையேற்ற பூட்ஸுக்கும் இதே கதி நேர்கிறது. 1980களின் கடைசியில் வந்த ஏர் ஜோர்டன் ஷூக்களைப் பெட்டி பிரிக்காமல் சேர்த்து வைத்தவர்களுக்கும் நடுச்சோல் பொடிப்பொடியாகத்தான் கிடைத்தது.

உங்கள் அலமாரியில் நடப்பதே கடைக்காரரின் கோடவுனிலும் நடக்கும். விலை குறைக்கப்பட்ட ஷூ பல சமயம் அந்தக் கோடவுனில் நீண்ட நாள் இருந்துவிட்டு வந்தது. தள்ளுபடி ஷூவைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

பொடியாகும் அந்தப் பொருளின் பெயர் பாலியூரித்தேன். கடை வழக்கில் பி.யு. சோல். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய பொருள் இது. நுரையாக்கி அச்சில் ஊற்றினால் கெட்டியாகவும் மெத்தென்றும் இருக்கும், தேயாது, வழுக்காது. ஃபார்மல் ஷூ, தொழிற்சாலையில் போடும் பாதுகாப்பு ஷூ, நடைப்பயிற்சிச் செருப்பு, மலையேற்ற பூட்ஸ் என எங்கும் பரவியதற்குக் காரணம் இந்தக் குணங்கள்தான். சோலுக்குப் பயன்படும் பி.யு.வில் ஒரு பெரும் பகுதி பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஈரம் நுரைக்குள் புகுந்து அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். பள்ளி வேதியியலில் படித்த நீராற்பகுப்பு இது. ஒவ்வொரு பிணைப்பு அறுபடும்போதும் கொஞ்சம் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை வேகப்படுத்தும். முதல் சில ஆண்டுகள் வெளியே ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு சில மாதங்களில் எல்லாம் கொட்டிப்போவது இதனால்தான்.

பாலியீதர் வகை பி.யு. ஈரத்தை இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கடையில் நின்றுகொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பி.யு. என்றாலே மோசமான வகையாக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

இதில் பலர் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. போடாமல் வைத்த பி.யு. ஷூ, போட்டு நடந்த ஷூவைவிடச் சீக்கிரம் உதிரும். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் நுரை அமுங்கி விரிவதால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறுகிறது என்று பூட்ஸ் தயாரிப்பாளர்களே விளக்கம் சொல்கிறார்கள். பெட்டிக்குள் மூடிக் கிடக்கும் ஷூவுக்கு அந்த வழி இல்லை. ஆகவே “ஒரு தடவைகூடப் போடாதது சார், அப்படியே புதுசு” என்று கடைக்காரர் சொன்னால், பி.யு. சோலைப் பொறுத்தவரை அது சிபாரிசு ஆகாது.

ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பி.யு. சோலுக்குச் சுமார் ஐந்து முதல் பத்து ஆண்டு ஆயுள் சொல்வது வழக்கம். அது அந்த ஊர்க் குளிரையும் வறண்ட காற்றையும் வைத்துச் சொன்னது. வேதிவினைகள் வெப்பத்தில் வேகமெடுக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பரிசோதனைக்கூடங்களில் பி.யு. சோலின் தாக்குப்பிடிக்கும் திறனைச் சோதிக்க அதை ஈரக்காற்று நிறைந்த பெட்டியில் 70 டிகிரி சூட்டில் ஒரு வாரம்போல வைப்பார்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ தகரக் கூரை போட்ட கோடவுனில் மே மாதம் வைத்த பெட்டி அந்தச் சோதனையைக் கொஞ்சம் நிதானமாக, வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. என் கணக்கில், கடலோர ஊர்களில் மூன்று வருடம் தாண்டிய பி.யு. சோல் என்றால் யோசிக்க வேண்டும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்குபவர் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஓட்டத்துக்கும் நடைக்கும் உள்ள ஷூக்களில் பெரும்பாலானவற்றின் நடுச்சோல் வேறு நுரை. இ.வி.ஏ. என்று சொல்வார்கள். அது இப்படி ஈரத்தில் அறுபட்டுப் பொடியாவதில்லை. காலப்போக்கில் மெல்ல இறுகும், மெத்தைத்தனம் குறையும், அவ்வளவுதான். இந்த ஷூக்களில் பிராண்டுகள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை பழைய மாடலின் எண்ணை மாற்றிப் புதியதை இறக்குகின்றன. புதியது வந்த வாரத்திலேயே பழையது பாதி விலைக்கு வந்துவிடும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் பழைய இ.வி.ஏ. ஷூவை அந்த விலைக்கு வாங்குவதுதான் தள்ளுபடிக் கடையில் கிடைக்கும் உண்மையான லாபம். ஆக, “போன சீசன்” என்பது ஒன்று, “பல சீசனுக்கு முந்தையது” என்பது வேறு. கடையில் இரண்டும் ஒரே ரேக்கில், ஒரே சிவப்பு ஸ்டிக்கருடன் இருக்கும்.

எது பி.யு., எது இ.வி.ஏ. என்று எப்படித் தெரியும்? பெட்டியிலோ, ஆன்லைனில் அந்த மாடலின் விவரத்திலோ சோல் என்ற இடத்தில் எழுதியிருப்பார்கள். பி.யு., இ.வி.ஏ., டி.பி.ஆர்., ஏர்மிக்ஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கடைசி இரண்டும் இப்படிப் பொடியாகிற வகையில்லை. எழுதவில்லை என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். இ.வி.ஏ. இலேசாக இருக்கும், சோல் தடியாக இருந்தாலும் கனம் தெரியாது. பி.யு. சோல் அதே தடிமனில் நல்ல கனமாக இருக்கும், பக்கவாட்டில் வழவழப்பான தோல் போன்ற படலம் ஓடும். ஃபார்மல் ஷூவிலும் பாதுகாப்பு ஷூவிலும் சோல் முழுக்க ஒரே வார்ப்பாக, தையல் இல்லாமல் மேல்பாகத்தோடு ஒட்டி வந்திருந்தால் பி.யு.வாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது தேதி. பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் மாதமும் வருடமும் இருக்கும். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள் அதைக் கேட்கின்றன. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த ஷூவில் அந்தத் தேதி இறக்குமதியான மாதமாக இருக்கலாம். செய்தது அதற்கும் முன்னால். ஆகவே பெட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஷூவுக்குள் பாருங்கள். நாக்குப் பட்டையின் உள்பக்கம் சைஸ் அச்சடித்த சின்ன லேபிள் இருக்கும். பல ஸ்போர்ட்ஸ் பிராண்டுகள் பொடி எழுத்தில் தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் அதில் போடுகின்றன. கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். வார்ப்புச் சோல் என்றால் திருப்பி அடியைப் பாருங்கள். குதிகாலுக்கும் நடுப்பாதத்துக்கும் இடையில் சில சமயம் ஒரு சின்ன வட்டம் புடைத்திருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, அம்புக்கு இருபுறமும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். அம்பு எந்த எண்ணைக் காட்டுகிறதோ அந்த மாதத்தில் அந்த சோல் வார்க்கப்பட்டது. ஸ்டிக்கரைப் பிய்த்து வேறு ஒட்டிவிடலாம், அச்சில் விழுந்த அம்பைத் திருப்ப முடியாது. பாதுகாப்பு ஷூக்களில் தயாரித்த காலத்தைக் குறிக்க வேண்டும் என்று தரநிலையே சொல்வதால் அவற்றில் தேடினால் கட்டாயம் கிடைக்கும்.

தேதி தெரிந்த பிறகுதான் கைவைத்துப் பார்க்கும் வேலை. எடுத்துக்காட்டாக, ஒரு கடையில் தோல் மேல்பாகம் கொண்ட நடை ஷூ. எம்.ஆர்.பி. 5,999, எழுபது சதவீதத் தள்ளுபடி, கையில் வருவது சுமார் 1,800 ரூபாய். பெட்டியில் உள்ள மாதத்தைக் கணக்குப் போட்டால் நாலு வருடம், அடிச்சோல் அம்பைப் பார்த்தால் ஐந்தரை. இடையில் ஒன்றரை வருடம் எங்கோ கிடந்துவிட்டுத்தான் இங்கே இறங்கியிருக்கிறது. பெட்டியைத் தலைகீழாகத் தட்டியதும் டிஷ்யூ தாளோடு கொஞ்சம் பொடியும் விழுகிறது. ஷூவின் நடுவளைவில், தரையில் படாத இடத்தில், சோலின் பக்கவாட்டில் கட்டை விரல் நகத்தை அழுத்தி எடுக்க வேண்டும். நல்ல பி.யு. என்றால் தடம் உடனே மறையும். இதில் நகத்தடம் பிறை மாதிரி அப்படியே நிற்கிறது. விரலைத் தேய்த்தால் இலேசான பிசுபிசுப்பு. பிறகு குதிகாலை ஒரு கையில் பிடித்து, முன்பாதத்தை மறு கையால் நடக்கும் அளவுக்கு மடக்க வேண்டும். பத்துத் தடவை மெதுவாகச் செய்தால் போதும். விரல்கள் மடங்கும் கோட்டில் முடி போன்ற வெடிப்புகள் திறந்து மூடுவது தெரிகிறது. இவ்வளவுக்கும் மேல்பாகத்தின் தோலில் ஒரு குறையும் இல்லை.

இந்த ஷூவை 1,800க்கு இல்லை, 500க்கும் வாங்கக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தோல் மிக நன்றாக இருந்து, அடியை முழுக்கக் கழற்றி ரப்பர் சோல் போட்டுத் தரும் கைதேர்ந்த தொழிலாளி உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உதிர்கிற பி.யு.வில் பசை பிடிக்க எதுவும் இல்லை. ஒட்டிய இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே மறுபடி பிய்யும்.

நகச் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கெட்டது கெட்டது என்று அது காட்டிக்கொடுக்கும். நல்லதாகத் தெரிவது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லாது, ஏனென்றால் அறுபடும் வேலை உள்ளே நடக்கிறது, மேல்படலம் கடைசியில்தான் விரியும். சில ஸ்னீக்கர்களில் ரப்பர் கிண்ணத்துக்குள் பி.யு. துண்டு ஒளிந்திருக்கும், அங்கே விரலே போகாது. இந்த இடங்களில் தேதியை மட்டும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் தேதியை முதலில் பார்க்கச் சொன்னேன்.

எத்தனை வயது என்பதோடு, அந்த வருடங்களை எங்கே கழித்தது என்பதும் கணக்கில் வரும். இதற்குச் சாட்சிகள் ஷூவிலேயே இருக்கின்றன. கயிறு கோக்கும் உலோகக் கண்ணிகளில் துருப் புள்ளி இருந்தால் அந்தப் பெட்டி ஈரத்தில் இருந்திருக்கிறது. பெட்டியின் அடி அட்டை மெத்தென்று உப்பி, நீர்க்கறை வரை வரையாக ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் எத்தனை கடைகளுக்குள் புகுந்தது என்பது நமக்குத் தெரியும். தோலில் பூத்திருக்கும் வெள்ளைப் பூஞ்சையைத் துடைத்துவிடலாம், அது தனியாகப் பெரிய குற்றமில்லை. ஆனால் அதே ஈரம் அடியில் உள்ள பி.யு.வையும் தொட்டிருக்கும். ரப்பர் அடியில் மங்கலாகப் படியும் வெண்மை வேறு. ரப்பரில் கலந்த மெழுகு மேலே வந்து படிவது அது, வாடை இருக்காது, துணியால் துடைத்தால் போய்விடும். இரண்டையும் பிரித்தறிய மூக்கே போதும்.

இ.வி.ஏ.வுக்கு ஈரத்தைவிடச் சூடுதான் எதிரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் மறந்து வைத்த ஓட்ட ஷூ ஒரு சைஸ் சுருங்கிவிட்டது என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை. கோடவுனிலும் டெலிவரி வண்டியிலும் அதே சூடுதான். சுருக்கம் இரண்டு காலிலும் ஒரே அளவில் வருவது அரிது. ஆகவே இரண்டு ஷூவையும் அடியோடு அடி சேர்த்து, குதிகாலைச் சமமாக வைத்துப் பிடியுங்கள். விரல் பக்கம் ஒன்று நீண்டு நின்றால், அல்லது ரப்பர் அடியின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால், வைத்துவிடலாம். மேஜை மேல் வைத்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்துப் பதினைந்து பெட்டிகளுக்கு அடியில் நசுங்கிய ஜோடியில் நடுச்சோலின் பக்கவாட்டில் ஆழமான மடிப்புகள் விழுந்திருக்கும். மேல்துணியில் விழுந்த மடிப்பு போட்டால் சரியாகும், நுரையில் விழுந்த மடிப்பு சரியாகாது. கண்ணாடிக்குப் பின்னால் வருடம் முழுக்க நின்ற டிஸ்ப்ளே பீஸையும் ஜோடியாக்கி விற்பது உண்டு. ஒரு கால் மஞ்சளித்தும் மற்றது வெளுப்பாகவும் இருந்தால் இரண்டு நாக்கு லேபிளின் தேதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பசையும் சூட்டுக்கு இளகும். சோலை ஒட்டும்போதே பசைப் படலத்தை ஏறக்குறைய 60 டிகிரிக்குச் சூடாக்கித்தான் அழுத்துகிறார்கள், ஆகவே அதை நெருங்கும் வெப்பத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் பிடி தளரத்தான் செய்யும். விரல் நுனிப் பக்கமும் நடுவளைவிலும் சோலின் விளிம்பை இலேசாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்காக நான் ஷூவை ஒதுக்க மாட்டேன். பதினாலு மாதம் பழைய இ.வி.ஏ. ஓட்ட ஷூ, 6,999 போட்டது 3,500க்கு வருகிறது, மற்ற எல்லாம் சரியாக இருந்து விரல் நுனியில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் வாய் திறந்திருந்தால், அதைக் காட்டி இன்னும் கொஞ்சம் விலை குறைக்கக் கேட்பேன். தெருமுனையில் உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவார். உள்ளே போடும் இன்சோல் உதிர்ந்திருந்தாலும் அப்படித்தான், புதிது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். கழுத்துப் பக்கம் ரெக்சின் தோல் உரிய ஆரம்பித்திருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்தப் படலமும் பெரும்பாலும் பி.யு.தான். ஓரிடத்தில் உரியத் தொடங்கினால் மற்ற இடங்களும் பின்தொடரும், அதை ஒட்ட வழியில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூ வாங்குபவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கே மேல்பாகத்தின் தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆர்டர் ரத்தானதாலோ தையலில் ஒரு பிசகாலோ ஒதுக்கப்பட்ட ‘செகண்ட்ஸ்’ அது. தையல் பிசகைக் கடைக்காரரே காட்டுவார். ஒதுக்கப்பட்டது போன மாதமா, நாலு வருடத்துக்கு முன்பா என்பதை நீங்கள்தான் சோலைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டி இல்லாமல், பிளாஸ்டிக் உறையில் கட்டித் தொங்கவிட்ட ஜோடியில் இது இன்னும் முக்கியம். உறைக்குள் ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும்.

பில் வாங்காமல் வராதீர்கள். “விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது” என்று அதன் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்கவும் வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் கொடுக்க மறுப்பது, பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை என்றால் முப்பது நாள்வரை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. கடைக்காரர் கேட்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தள்ளுபடியில் விற்றதாலேயே அந்த உரிமை போய்விடாது. ஆனால் குறையைச் சொல்லி விலை குறைத்து வாங்கியிருந்தால், அதே குறைக்காகத் திரும்பக் கேட்பது எடுபடாது. பில்லை செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காகிதத்தில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். தீபாவளிக்குப் போடலாம் என்று பெட்டியை அலமாரியில் ஏற்றாமல், வாங்கிய அந்த வாரமே போட்டு நாலைந்து நாள் நன்றாக நடந்துவிடுங்கள். உள்ளே கெட்டுப்போன நுரை என்றால் பெரும்பாலும் முப்பது நாளுக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும்.